1.08 என்று எழுதிய ரெக்கார்டு நோட்டும் ஒரு பரிந்துரைக் கடிதமும்

2018 செப்டம்பர் கடைசி வாரத்தில் என் பழைய பேராசிரியர் ஒருவருக்கு நான் அனுப்பிய மெயில் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: “மதிப்பிற்குரிய ஐயா, நான் 2015 பேட்ச் மெக்கானிக்கல் மாணவன். அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க விண்ணப்பிக்கிறேன். எனக்கு ஒரு எல்.ஓ.ஆர்., அதாவது பரிந்துரைக் கடிதம் வேண்டும். தயவுசெய்து உதவுங்கள்.” கீழே என் பெயர். அனுப்பிவிட்டு, ஒரு வேலை முடிந்தது என்று டிக் போட்டேன்.

பன்னிரண்டு நாள் பதில் இல்லை. மறந்துவிட்டாரோ, கோபமோ என்று ஏதேதோ யோசித்தேன். கடைசியில் கல்லூரி லேப் அண்ணன் ஒருவருக்குப் போன் போட்டபோதுதான் தெரிந்தது, சார் அந்த வருடம் மே மாதமே ஓய்வு பெற்றுவிட்டார். கல்லூரி கொடுத்த மெயில் முகவரியை அவர் திறப்பதே இல்லை. மெயில் திரும்பி வந்திருந்தாலாவது தெரிந்திருக்கும். அது ஆளில்லாத வீட்டுத் திண்ணையில் போட்ட தபால் மாதிரி அங்கேயே கிடந்தது.

அவரே படித்திருந்தாலும் அந்த மெயிலை வைத்து என்ன செய்திருப்பார்? எத்தனை பல்கலைக்கழகம், என்ன படிப்பு, எந்தத் தேதிக்குள், கடிதத்தைக் கையில் தர வேண்டுமா இணையத்தில் ஏற்ற வேண்டுமா, அவரிடம் நான் என்ன பாடம் படித்தேன், எதுவுமே அதில் இல்லை. வருடத்துக்கு அறுபது பேர் வீதம் முப்பது வருடம் பாடம் எடுத்தவர். “2015 பேட்ச்” என்ற ஒரு சொல்லை வைத்து என்னை எப்படித் தேடிப் பிடிப்பார்?

யாரிடம் கேட்பது என்பதிலும் முதலில் தடுமாறினேன். துறைத் தலைவரான ஹெச்.ஓ.டி. கையெழுத்து இருந்தால் வெயிட்டாக இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். எங்கள் ஹெச்.ஓ.டி. எனக்கு ஒரு வகுப்புகூட எடுத்ததில்லை. அவர் எழுதினால் “ஒழுக்கமான, கடின உழைப்பாளியான மாணவர்” என்பதைத் தாண்டி ஒரு வரி வராது, அந்த வரியை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். அதனால் மூன்று பேரை முடிவு செய்தேன்: ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பாடமும் லேபும் எடுத்த இந்த சார், இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு கைடாக இருந்த மேடம், கோவையில் நான் மூன்று வருடம் வேலை பார்த்த பம்ப் கம்பெனியில் எனக்கு மேலே இருந்த மேனேஜர். மூவரும் என் வேலையைக் கண்ணால் பார்த்தவர்கள்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, நேரம் கேட்டுக்கொண்டு சார் வீட்டுக்கே போனேன். முகம் அடையாளம் தெரிந்தது, பெயர் தெரியவில்லை. என்ன எடுத்துப் போவது என்று யோசித்தபோது பழைய பெட்டியிலிருந்து லேப் ரெக்கார்டு நோட்டு ஒன்று கிடைத்தது, அதையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதில், குழாயில் ஓடும் நீரை அளக்கும் வென்ச்சுரிமீட்டர் சோதனைப் பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

அந்தப் பக்கத்துக்கு ஒரு கதை உண்டு. வென்ச்சுரிமீட்டரில் உண்மையாக ஓடிய நீரின் அளவை, கணக்குப்படி ஓட வேண்டிய அளவால் வகுத்தால் ஒரு எண் வரும். உராய்வில் கொஞ்சம் இழப்பு இருப்பதால் அது 1-ஐ விடச் சற்றுக் குறைவாக, 0.97 போல வர வேண்டும். எனக்கு 1.08 வந்தது. பக்கத்து பெஞ்சில் எல்லோரும் 0.97 வருகிற மாதிரி ரீடிங்கைத் திருத்தி எழுதினார்கள், நான் வந்ததை அப்படியே எழுதிவிட்டு சாரிடம் போய் நின்றேன். இரண்டு பேருமாகப் பார்த்தபோது அழுத்த வித்தியாசத்தைக் காட்டும் மனோமீட்டர் குழாயில் ஒரு காற்றுக் குமிழி மாட்டியிருந்தது. அதனால் மட்ட வித்தியாசம் குறைவாகத் தெரிந்தது, கணக்கில் வரும் நீரும் குறைந்தது, விகிதம் 1-ஐத் தாண்டிவிட்டது. குமிழியை வெளியேற்றிவிட்டு மறுபடி செய்தோம். ரெக்கார்டில் இரண்டு ரீடிங்கும் இருக்கிறது, ஓரத்தில் அவருடைய சிவப்பு மையில் ஒரு டிக்கும் இருக்கிறது.

சார் அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அட, அந்தக் குமிழிப் பையனா நீ?” என்றார். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், பேசியதை எழுத்தில் தர வேண்டும் என்று அன்றிரவே அவருடைய சொந்த ஜிமெயில் முகவரிக்கு ஒரு மெயில் எழுதினேன். அதன் சாரம் இது:

“ஐயா, இன்று நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. நான் 2011 முதல் 2015 வரை மெக்கானிக்கல் படித்தவன். உங்களிடம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் தியரியும் லேபும் படித்தேன். வகுப்பில் 62 பேரில் மொத்த மதிப்பெண்ணில் ஒன்பதாவது. இப்போது அமெரிக்காவில் ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு, ஃப்ளூயிட் மற்றும் தெர்மல் பிரிவில் எம்.எஸ். படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன், 2019 ஆகஸ்டில் சேர்வதற்காக. ஒன்றுக்குக் கடைசித் தேதி டிசம்பர் 1, மூன்றுக்கு டிசம்பர் 15, ஒன்றுக்கு ஜனவரி 5. நவம்பர் 20-க்குள் முடிந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலிருந்தும் தனித்தனியாக ஒரு லிங்க் உங்களுக்கு மெயிலில் வரும், கடிதத்தை அதில் நீங்களே ஏற்ற வேண்டும். ஒரே கடிதம் ஐந்துக்கும் போதும். என் மார்க் பட்டியல், சி.வி., ஏன் இந்தப் படிப்பு என்று சொல்லும் நோக்க அறிக்கையின் வரைவு, அந்த ரெக்கார்டு பக்கத்தின் போட்டோ இணைத்திருக்கிறேன். உங்களால் நிறைவாக எழுத முடியும் என்று தோன்றினால் மட்டும் எழுதுங்கள். இல்லையென்றால் தயங்காமல் சொல்லுங்கள், நான் வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன்.”

கடைசி வரியை எழுத எனக்கு மனமே இல்லை. முடியாது என்று சொல்லிவிட்டால்? ஆனால் அரை மனதோடு எழுதுகிற கடிதம் எப்படி இருக்கும் என்று பின்னால் ஒரு நண்பனுடையதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நான்கே வரி. “இவர் என் வகுப்பில் படித்தார், வருகை நன்று.” படிக்கிறவருக்கு அது பரிந்துரையாகத் தெரியாது, ஆசிரியர் நாசூக்காகக் கை கழுவியதாகத்தான் தெரியும். எழுத மறுப்பதற்கு ஒரு வழி விட்டுவைத்தால் அந்த மாதிரிக் கடிதத்திலிருந்து நாமும் தப்பலாம்.

வகுப்பில் ஒன்பதாவது என்று ஏன் எழுதினேன் என்றால், பல விண்ணப்பப் படிவங்களில் கடிதத்தோடு ஒரு கட்டமும் வரும். இந்த மாணவர் முதல் 5 சதவீதத்தில் இருக்கிறாரா, 10-லா, 25-லா என்று ஒவ்வொரு குணத்துக்கும் டிக் போடச் சொல்லும். எண் கையில் இல்லாத பேராசிரியர் பயந்து நடுக்கட்டத்தில் டிக் போடுவார், அல்லது பாசத்தில் எல்லாவற்றிலும் உச்சத்தில் போடுவார். மார்க் பட்டியலோடு ஒத்துவராத உச்சம் கடிதத்தையே சந்தேகத்துக்கு ஆளாக்கும். 62-இல் ஒன்பது என்பது முதல் 15 சதவீதத்துக்குள் வரும். அதைச் சொல்லிவிட்டேன், டிக் எங்கே போடுவது என்பதை அவர் பார்த்துக்கொண்டார்.

மேடத்தின் பிரச்சினை வேறு. போனில் கேட்டவுடனே “அதுக்கென்னப்பா, நீயே எழுதி அனுப்பு, நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்” என்றார். நம் கல்லூரிகளில் இது சகஜம், அவர்மீது எனக்குக் குறையும் இல்லை. நவம்பர், டிசம்பரில் செமஸ்டர் தேர்வு, பிராக்டிகல், பேப்பர் திருத்தல் என்று அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அமெரிக்க விண்ணப்பங்களின் கடைசித் தேதிகளும் சரியாக அதே வாரங்களில் வந்து விழுகின்றன. ஆனாலும் நானே எழுதுவதில் எனக்குத் தயக்கம் இருந்தது. அது அவர் எழுதியதாகத்தான் போய்ச் சேரும், அது பொய். அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறவரும் ஏமாளி இல்லை. மூன்று கடிதத்திலும் ஒரே நடை, ஒரே பெயரடைகள், நோக்க அறிக்கையிலும் அதே வாக்கியம் என்றால் யார் எழுதியது என்று கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகாது.

நான் செய்தது இது. “மேடம், கடிதமாக எழுதத் தெரியவில்லை, நடந்ததை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதித் தருகிறேன்” என்றேன். ப்ராஜெக்டின் தலைப்பு, நான்கு பேர் குழுவில் நான் செய்த பகுதி எது, முதல் ரிவியூவில் அவர் எதைத் தப்பு என்று சொன்னார், நாங்கள் என்ன மாற்றினோம், கடைசியில் என்ன வந்தது. பாராட்டு வார்த்தை ஒன்றுகூட வைக்கவில்லை. “நல்லது, கெட்டது எதையும் நான் எழுதவில்லை, அதை நீங்கள்தான் எழுத வேண்டும், பத்துப் பதினைந்து வரி போதும்” என்று சேர்த்தேன். ஒரு வாரத்தில் அவரே எழுதிவிட்டார். வெற்றுத் தாளின் முன்னால் உட்கார அவருக்கு நேரம் இல்லை, அவ்வளவுதான். தகவல் கையில் இருந்ததும் எழுதுவது அரை மணி நேர வேலையாகிவிட்டது.

லிங்க் வருவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, அது எனக்கு நவம்பர் 26-ஆம் தேதிதான் புரிந்தது. “அஞ்சு சொன்னியே, எனக்கு மூணுதான் வந்திருக்கு” என்று மேடம் வாட்ஸ்அப்பில் கேட்டார். ஸ்பேம் பெட்டியையும் பார்த்துவிட்டாராம். நான் உள்ளே போய்த் துழாவியபோது தெரிந்தது: சில விண்ணப்பத் தளங்கள் பரிந்துரைப்பவரின் பெயரைச் சேமித்தவுடனே லிங்க்கை அனுப்பிவிடும், சில தளங்கள் நாம் விண்ணப்பத்தை முடித்து, கட்டணம் கட்டி, சமர்ப்பித்த பிறகுதான் அனுப்பும். டிசம்பர் 15 வரை நேரம் இருக்கிறதே என்று நான் அந்த இரண்டையும் இழுத்துக்கொண்டிருந்தேன். அப்படியே விட்டிருந்தால் கடைசி நாள் இரவுதான் மூவருக்கும் லிங்க் போயிருக்கும். அன்றே உட்கார்ந்து இரண்டையும் சமர்ப்பித்தேன். சில பல்கலைக்கழகங்கள் கடிதம் மட்டும் சில நாள் தாமதமாக வந்தால் ஏற்றுக்கொள்ளும், சில ஏற்காது. அந்தந்தப் பக்கத்தில் படித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும், அடித்துச் சொல்ல முடியாது.

தேதியோடு நேரத்தையும் நம் ஊர்க் கணக்கில் சொல்லிவிடுவது நல்லது. டிசம்பர் 15 இரவு 11.59 என்று போட்டிருந்தால், அமெரிக்காவின் கிழக்குப் பகுதி நேரப்படி அது நமக்கு டிசம்பர் 16 காலை 10.29. கலிஃபோர்னியா நேரம் என்றால் மதியம் 1.29. இதைச் சொல்லாவிட்டால் ஒருவர் 15-ஆம் தேதி இரவே “தப்பிப்போச்சுப்பா” என்று கைவிட்டுவிடுவார். இன்னொருவர் மறுநாள் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவார்.

சாரின் ஜிமெயிலால் ஒரு சின்னச் சிக்கலும் வந்தது. பரிந்துரைப்பவர் நிறுவன மெயில் முகவரி தர வேண்டும் என்று ஒரு தளம் அடம்பிடித்தது. அந்தத் துறையின் சேர்க்கை அலுவலகத்துக்கு, இவர் ஓய்வுபெற்றவர், கல்லூரி முகவரியை இப்போது பயன்படுத்துவதில்லை என்று இரண்டு வரி எழுதினேன். கடிதத்தில் அவர் பணியாற்றிய கல்லூரி, பதவி, காலம் தெளிவாக இருந்தால் போதும் என்று பதில் வந்தது. அதைச் சாருக்கும் அனுப்பிவைத்தேன்.

கடிதத்தை ஏற்றுவதற்கும் சார் “லிங்க்கை உனக்கே அனுப்புறேன், நீயே போட்டுடு” என்றார். விண்ணப்பத்திலேயே ஒரு கேள்வி இருக்கும், இந்தக் கடிதத்தைப் பிற்பாடு பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா என்று. 1974-இல் வந்த அமெரிக்கச் சட்டம் ஒன்று மாணவருக்குத் தன் கல்வி ஆவணங்களைப் பார்க்கும் உரிமை தருகிறது, அதைத்தான் அங்கே கேட்கிறார்கள். விட்டுக்கொடுத்தால், மாணவர் பார்க்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதிய கடிதம் இது என்று படிக்கிறவர் நம்புவார். நான் ஆமாம் என்று டிக் போட்டிருந்தேன். போட்டுவிட்டு அவருடைய லிங்க்கை நானே திறந்தால் அந்த டிக்குக்கு என்ன அர்த்தம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனில் இருக்க, அவர் தன் பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஐந்தையும் ஏற்றினார். முக்கால் மணி நேரம் ஆனது, அதில் பாதி பாஸ்வேர்டு தேடியதில் போனது.

மேனேஜர் விஷயத்தில் எதிர்பாராத இடத்தில் இடித்தது. கம்பெனி லெட்டர்ஹெட்டில் தனிப்பட்ட பரிந்துரை தரக் கூடாது என்று எங்கள் ஹெச்.ஆர். விதி, அவர்கள் தருவது பணி தேதியும் பதவியும் மட்டும் உள்ள சான்றிதழ். இதற்கிடையில் அவரும் வேறு கம்பெனிக்குப் போயிருந்தார். ஆனால் பரிந்துரை தருபவர் அவர்தான், கம்பெனி இல்லை. வெள்ளைத் தாளில் தன் பெயர், இப்போதைய பதவி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை எனக்கு மேலதிகாரியாக இருந்தார் என்று எழுதி, புது ஆபீஸ் மெயிலிலிருந்து ஏற்றினார். நல்லவேளை, நான் முன்கூட்டியே என் சான்றிதழின் நகலை அனுப்பியிருந்தேன். நான் அங்கே நான்கு வருடத்துக்கு மேல் இருந்ததாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் மூன்று வருடம் ஒரு மாதம். கடிதம் நான்கு என்றும் சான்றிதழ் மூன்று என்றும் சொன்னால், தப்பு செய்தது நான் என்றுதான் தோன்றும்.

அவரிடம் இன்னொன்றும் கேட்டுக்கொண்டேன்: “சார், நேரத்துக்கு வருவான், எல்லோரோடும் ஒத்துப்போவான் என்பதைவிட, டெஸ்ட் பெட்டில் அந்த ஃப்ளோமீட்டர் விஷயம் எழுதினால் உதவும்.” ஒரு மாடல் பம்ப் தொடர்ந்து திறன் குறைவாகக் காட்டியபோது, பம்பைக் குறை சொல்வதற்கு முன் மீட்டரைத் தொட்டியில் நீர் பிடித்து அளந்து பார்க்கலாம் என்று நான் சொன்ன நாள் அது. மீட்டர்தான் தப்பாகக் காட்டியது. படிப்புக்கு எடுப்பவர்கள் தேடுவது இந்த மாதிரி ஒன்றைத்தான்.

இதே மேனேஜரை 2021-இல் ஒரு வேலைக்காக மறுபடி தொந்தரவு செய்தேன், அப்போது கோட்டைவிட்டேன். ஏற்கனவே ஒருமுறை எழுதியவர்தானே என்று “சார், உங்க நம்பர் குடுத்திருக்கேன்” என்று மட்டும் செய்தி போட்டேன். அமெரிக்காவிலிருந்து அவருக்கு ராத்திரி ஒன்பதரை மணிக்குத் தெரியாத எண்ணில் அழைப்பு போயிருக்கிறது. லோன் விற்கிறவர்கள் என்று நினைத்து இரண்டு முறை கட் பண்ணிவிட்டார். மூன்றாவது முறை எடுத்தபோது, நான் இன்னும் படிப்புக்குத்தான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு என் ஆராய்ச்சி ஆர்வத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். அவர்கள் கேட்டதோ தேதி, பதவி, கெடு நெருக்கும்போது எப்படி வேலை செய்வான், மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா என்பதுதான்.

நியாயமாகப் பார்த்தால் நான் அனுப்பியிருக்க வேண்டியது ஐந்தாறு வரி. என்ன கம்பெனி, என்ன வேலை, அந்த வேலையில் முக்கியமாக எதை எதிர்பார்க்கிறார்கள், கூப்பிடப் போவது யார், எந்த எண்ணிலிருந்து, இந்திய நேரப்படி எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிக்குள், எந்தத் தேதிவரை. அதற்கும் முன்னால், நம்பரைக் கொடுக்கலாமா என்று ஒரு கேள்வி. வேலை கிடைத்தது, ஆனால் அந்தச் செய்தியைச் சொல்லக் கூப்பிட்டபோது அவரிடம் முதலில் மன்னிப்புத்தான் கேட்டேன்.

படிப்பு விஷயத்தில், நினைவூட்டல் மெயில் மொத்தமே இரண்டுதான் போட்டேன். ஒன்று கெடுவுக்கு இரண்டு வாரம் முன்பு, ஒன்று மூன்று நாள் முன்பு, அதுவும் எந்த லிங்க் பாக்கி என்று விண்ணப்பத் தளத்தில் பார்த்துவிட்டு, ஏற்றாத ஒருவருக்கு மட்டும். ஏற்றி முடித்தவருக்கும் சேர்த்து “ஞாபகம் இருக்கா” என்று பொதுவாக அனுப்பினால் எரிச்சல்தான் வரும்.

மார்ச்சில் முடிவுகள் வந்தன. ஐந்தில் இரண்டு கிடைத்தது. மேடத்துக்கும் மேனேஜருக்கும் அன்றே சொல்லிவிட்டேன். சாருக்கு மட்டும் நேரில் சொல்லலாம் என்று இருந்து ஒரு வாரம் தள்ளிப்போய்விட்டது. போனபோது காபி கொடுத்துவிட்டு, “அந்த 1.08 கதை எழுதின லெட்டர் எந்த யுனிவர்சிட்டிக்குப்பா போச்சு, கிடைச்சதுக்கா கிடைக்காததுக்கா?” என்று கேட்டார்.

ஐந்துக்கும் அதே கடிதம்தான் சார் போனது என்றேன்.